சிபாரிசா, சாட்சியமா? உஸ்தாத் எழுதும் தஸ்கியாக் கடிதம் பற்றி

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பிக்ஹ் துறையில் முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மௌலவி ஒருவர் கையில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் பல. பட்டச் சான்றிதழ், பெறுபேற்று விபரம், ஆய்வு முன்மொழிவு, மொழித் தேர்ச்சிச் சான்று என்று அந்தப் பட்டியல் போகும். இவற்றுள் விண்ணப்பதாரி தானே தயாரிக்க முடியாத, தயாரிக்கவும் கூடாத ஒன்று உண்டு. அதுதான் அவருக்குக் கற்பித்த உஸ்தாத் எழுதும் கடிதம். அரபியில் இதனைத் தஸ்கியா என்கிறார்கள். நாம் ஊரில் 'சிபாரிசுக் கடிதம்' என்கிறோம். இந்த இரு பெயர்களும் ஒரே பொருளைத் தரவில்லை என்பதும், அந்த வேறுபாடு புரியாதபோது நல்ல மாணவனுக்குக்கூட வலுவற்ற கடிதம் போய்ச் சேர்கிறது என்பதும் இக்கட்டுரையில் சொல்ல வரும் விடயம்.

இதனை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை. எங்கள் ஊர் அரபுக் கல்லூரியில் நீண்ட காலமாக பிக்ஹ் கற்பித்து வரும் ஹஸ்ரத் ஒருவர் ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு ஒரு தாளைக் கொண்டு வந்து தந்தார். "சேர், இதக் கொஞ்சம் பார்த்துத் தாங்க. தமிழ்ல எழுதிட்டு, பிறகு நானே அரபில மாத்துவன். வசனம் சரியா இருக்கணும்" என்றார். அவருடைய மாணவர் ஒருவர், மௌலவிப் பட்டம் பெற்று, பிறகு வெளிவாரியாகக் கலைமானியும் முடித்தவர், மலேசிய சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பிக்ஹ், உஸூலுல் பிக்ஹ் துறைக்கு விண்ணப்பிக்கிறார். 1983இல் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தில் அரபியும் ஆங்கிலமும் போதனா மொழிகள். ஆகவே ஹஸ்ரத்தின் கடிதம் அரபியில் போவதில் தடை இல்லை. என்னிடம் கேட்கப்பட்டது வசனத் திருத்தம் மட்டும்தான்.

வசனத்தில் பிழை ஒன்றும் இருக்கவில்லை. கடிதம் இப்படி இருந்தது:

"இக்கடிதத்தைக் கொண்டு வரும் மாணவர் எமது கல்லூரியில் ஏழு வருடங்கள் கல்வி கற்றவர். சிறந்த ஒழுக்கமும் பணிவும் மார்க்கப் பற்றும் உடையவர். ஐவேளைத் தொழுகையையும் ஜமாஅத்துடன் பேணி வருபவர். ஆசிரியர்களை மதிப்பவர். சக மாணவர்களுடன் அன்பாகப் பழகுபவர். கல்வியில் மிகுந்த ஆர்வமும் திறமையும் உடையவர். நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர். இவருக்குத் தங்கள் பல்கலைக்கழகத்தில் அனுமதி வழங்கி உதவுமாறு அன்புடன் வேண்டிக் கொள்கிறேன்."

"ஹஸ்ரத், தமிழ் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பெயர எடுத்திட்டு வேற ஒரு பிள்ளைட பெயரப் போட்டா, இந்தக் கடிதத்தில எந்த வசனத்த மாத்த வேண்டி வரும்?" என்று கேட்டேன். அவர் தாளை வாங்கித் திரும்பவும் படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒண்டையும் மாத்தத் தேவல்ல" என்றார்.

அங்கிருந்துதான் எங்கள் பேச்சுத் தொடங்கியது. அன்று இரவு இஷாவையும் கடந்து போனது.

சொல்லிலிருந்தே ஆரம்பிக்கலாம். 'சிபாரிசு' பாரசீக மொழியிலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த சொல். ஒருவருக்காக இன்னொருவரிடம் பரிந்து பேசுவதே அதன் பொருள். நம் பேச்சு வழக்கிலும் அது அப்படித்தான் நிற்கிறது. "ஆள் சிபாரிசில வேலை எடுத்தவன்" என்று சொல்லும்போது திறமையை நாம் நினைப்பதில்லை, செல்வாக்கைத்தான் நினைக்கிறோம். அரபியில் இதற்கு நெருங்கிய சொல் ஷபாஅத். தஸ்கியா அந்தக் குடும்பத்துச் சொல் அல்ல. காழியின் முன் சாட்சி சொல்ல வந்தவர் நம்பத் தகுந்தவரா என்று அவரை அறிந்த இன்னொருவர் உறுதி கூறுவதையே பிக்ஹ் நூல்கள் தஸ்கியா என்கின்றன. அப்படிக் கூறுபவர் முஸக்கீ. அதாவது தஸ்கியா என்பது வேண்டுகோள் அல்ல. சாட்சி பற்றிய சாட்சி.

ஹஸ்ரத்தின் முதற் கடிதத்தின் கடைசி வசனத்தைப் பாருங்கள். 'அனுமதி வழங்கி உதவுமாறு வேண்டிக் கொள்கிறேன்.' அது ஷபாஅத். அதற்கு முன்னுள்ள வசனங்கள் சாட்சியம் போல் தோன்றினாலும் அந்த வேண்டுகோளுக்கு முன்னோட்டமாக மட்டுமே நிற்கின்றன. மறுபக்கத்தில் இருக்கும் தெரிவுக் குழு உதவி செய்வதற்காக அமர்த்தப்பட்டதல்ல. பெறுபேற்றுத் தாளில் தெரியாத எதையாவது இந்த உஸ்தாத் தமக்குச் சொல்வாரா என்றுதான் அவர்கள் பார்க்கிறார்கள்.

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஹஸ்ரத் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நம் நாட்டு அரபுக் கல்லூரிகளில் நன்கு அறியப்பட்ட ஷாபிஈ நூல். அதில் நீதி வழங்கல் பற்றிய பகுதியில் முஸக்கீக்கான நிபந்தனைகள் வருகின்றன. சாட்சிக்குரிய தகுதிகள் அவருக்கும் இருக்க வேண்டும். எது ஒருவரை நம்பகமாக்கும், எது அதைக் கெடுக்கும் என்ற அறிவும் வேண்டும். மூன்றாவது நிபந்தனைதான் நம் விடயத்துக்கு மிக நெருக்கமானது. தான் உறுதி கூறும் ஆளின் உள்நிலையைப் பழகி அறிந்தவராக அவர் இருக்க வேண்டும். அந்த அறிதல் தோழமையாலோ, அயல் வாழ்வாலோ, கொடுக்கல் வாங்கலாலோ வந்திருக்க வேண்டும். உமர் (ரழி) அவர்களிடம் ஒருவர் இன்னொருவரை நல்லவர் என்று சொன்னபோது, அவர்கள் கேட்டதாக அறிவிக்கப்படும் கேள்விகளும் இதே வரிசையில்தான் அமைகின்றன. நீ அவருடைய அயலவனா? அவருடன் பிரயாணம் செய்திருக்கிறாயா? பணவிடயத்தில் பழகியிருக்கிறாயா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றதும், பள்ளியில் அவர் தொழுவதைப் பார்த்திருப்பாய், அவ்வளவுதான் என்ற கருத்தில் அவர்கள் பதில் சொன்னதாகச் செய்தி.

"சேர், அந்த ஆள் சொன்னதும் என்ட கடிதமும் ஒண்டுதான்" என்றார் ஹஸ்ரத். "ஜமாஅத்தப் பேணுறார் எண்டு எழுதி இருக்கன். அது எல்லாருக்கும் தெரியிற விசயம். ஏழு வருசம் எனக்கு முன்னால கிதாபோட இருந்தவன். அதால எனக்கு மட்டும் தெரிஞ்சது என்ன எண்டு நான் எழுதல்ல."

ஆனால் இங்கே ஒரு முரண் இருப்பதையும் அவரே எடுத்துக் காட்டினார். அதே பிக்ஹ் நூல்களின்படி, ஒருவரைக் குறை கூறுபவர் காரணத்தைச் சொல்ல வேண்டும். நல்லவர் என்று உறுதி கூறுபவர் காரணம் சொல்லத் தேவையில்லை. 'இவர் நேர்மையாளர்' என்றாலே போதும். அப்படியானால் பல்கலைக்கழகத்துக்கு எழுதும்போது மட்டும் ஏன் காரணமும் உதாரணமும் தேவைப்படுகின்றன?

விடை ஹதீஸ் கலையில் இருக்கிறது. ஓர் அறிவிப்பாளர் ஏற்கத் தகுந்தவர் என்று சொல்ல இரண்டு விடயங்கள் பார்க்கப்படும். ஒன்று அதாலத், அவருடைய நேர்மை. மற்றது ழப்து, கேட்டதைச் சிதைவின்றிப் பிடித்து வைத்திருக்கும் திறன். மிகவும் தக்வா உள்ள, ஆனால் ஞாபகம் தடுமாறுகின்ற பெரியார்களின் அறிவிப்புகளை முஹத்திஸ்கள் ஓரமாக வைத்திருக்கிறார்கள். அதில் அவர்களுடைய மார்க்கப் பற்றுக்குக் குறைவு எதுவும் சொல்லப்படவில்லை. அது வேறு கணக்கு. காழிமன்றத் தஸ்கியாவில் முதன்மையாகக் கேட்கப்படுவது அதாலத். பிக்ஹ் ஆய்வுக்கான தஸ்கியாவில் அதாலத்தும் தேவை. ஆனால் அங்கே உண்மையான கேள்வி ழப்து பற்றியது: இவரால் ஒரு மஸ்அலாவைப் பிரித்துப் பார்க்க முடியுமா? மூலநூலைத் தானே வாசிப்பாரா, அல்லது சொன்னதை ஒப்புவிப்பாரா? தன் முடிவு பிழை என்று காட்டப்பட்டால் என்ன செய்வார்? இவற்றுக்கு 'திறமையானவர்' என்ற ஒரு சொல் விடையாகாது. திறமை என்பது கண்டதை வைத்துக் காட்ட வேண்டிய ஒன்று.

நம்முடைய அரபுக் கல்லூரிக் கடிதங்கள் பெரும்பாலும் விழுவது இந்த இடத்தில்தான். அதாலத் பற்றிப் பத்து வசனம் இருக்கும். ழப்து பற்றி ஒன்றும் இருக்காது. பள்ளிவாசல் இமாம் பதவிக்கு அந்தக் கடிதம் போதும். ஆய்வுப் படிப்புக்குப் போதாது.

பிறகு நான் ஹஸ்ரத்திடம் மூன்று கேள்விகள் கேட்டேன். அவை சாதாரணக் கேள்விகள்தான். ஆனால் கடிதத்தின் உடல் முழுவதும் அவற்றின் விடைகளிலிருந்துதான் வந்தது.

முதற் கேள்வி: எந்தக் கிதாபை, எவ்வளவு தூரம், உங்களிடம் ஓதினார்?

"பத்ஹுல் முயீன் முழுசா. மஹல்லியில முஆமலாத்தும் நிகாஹும். உஸூல்ல வரகாத் முடிச்சி, ஜம்உல் ஜவாமிஇல கியாஸ் பாடம் வரைக்கும்."

இந்த விடையில் எவ்வளவு செய்தி இருக்கிறது என்று பாருங்கள். 'பத்ஹுல் முயீன்' கேரளத்தின் ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) 16ஆம் நூற்றாண்டில் தம்முடைய 'குர்ரதுல் ஐன்' என்ற நூலுக்குத் தாமே எழுதிய விரிவுரை. 'மஹல்லி' என்று நம்மவர்கள் சுருக்கமாகச் சொல்வது 'மின்ஹாஜு'க்கு ஜலாலுத்தீன் மஹல்லி (ரஹ்) எழுதிய ஷரஹ். 'வரகாத்' இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) எழுதிய, சில பக்கங்களே உள்ள உஸூல் கைநூல். 'ஜம்உல் ஜவாமிஃ' தாஜுத்தீன் சுப்கி (ரஹ்) எழுதிய, அதைவிடப் பல மடங்கு கடினமான நூல். துறை தெரிந்த ஒருவருக்கு இந்த நான்கு பெயர்களும் நின்ற இடங்களும் மாணவன் எந்தப் படியில் நிற்கிறான் என்பதை உடனே காட்டிவிடும். பெறுபேற்றுத் தாளில் இவை எல்லாம் 'பிக்ஹ்: 84', 'உஸூல்: 79' என்றுதான் இருந்தன. அந்த இலக்கங்கள் எந்தக் கிதாபில் எடுத்தவை என்று அந்தத் தாள் சொல்லாது. உஸ்தாத் ஒருவரால்தான் சொல்ல முடியும்.

'கியாஸ் பாடம் வரைக்கும்' என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்றேன். முழுவதும் ஓதினார் என்று எழுதிவிட்டால், நேர்முகப் பரீட்சையில் கியாஸுக்கு அடுத்த பாடத்தில் ஒரு கேள்வி வந்தாலே போதும். மாணவனும் விழுவான், உஸ்தாதின் சொல்லும் விழும்.

இரண்டாவது கேள்வி: யாரோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள்?

வகுப்பில் முதலாவது என்றால், எத்தனை பேர் வகுப்பில்? இந்த மாணவர் மௌலவி இறுதியாண்டில் 19 பேரில் மூன்றாவதாக வந்தவர். ஹஸ்ரத் அதை எழுதத் தயங்கினார். "மூண்டாவது எண்டா குறைவாப் போகாதா?" என்றார். ஆனால் அவரே இன்னொரு தகவலும் சொன்னார். முதலிரண்டு இடங்களையும் எடுத்தவர்கள் மனனத்தில் இவரைவிடக் கூடியவர்கள். இபாரத்தைப் பிரித்துப் பொருள் சொல்வதில் இவர்தான் முன்னால் நின்றார். இதுதான் எழுத வேண்டிய செய்தி. 'மூன்றாவது' என்ற இலக்கம் பெறுபேற்றுத் தாளில் எப்படியும் இருக்கும். அதை விளங்கப்படுத்தும் ஒரே ஆள் உஸ்தாத்தான்.

மூன்றாவது கேள்வி: இவர் எங்கே பிழைவிட்டார், பிறகு என்ன செய்தார்?

இதற்கு ஹஸ்ரத் சிரித்தார். பிழையை யாராவது சிபாரிசுக் கடிதத்தில் எழுதுவார்களா என்று கேட்டார். ஆனால் கேட்டுவிட்டு அவராகவே ஒரு சம்பவத்தைச் சொன்னார். கடிதத்தின் உயிர் அதில் இருந்தது.

மாணவர் இறுதியாண்டில் கைக்கூலி பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். நம் நாட்டின் 1951ஆம் ஆண்டு 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியை அங்கீகரிக்கிறது. மணமகளின் பாவனைக்கென்று, திருமணத்துக்கு முன்னரோ திருமணத்தின்போதோ, மணமகனிடம் கொடுக்கப்படும் அல்லது கொடுப்பதாக வாக்களிக்கப்படும் பணம் அல்லது அசையும் பொருள் என்ற கருத்தில் அது வரையறுக்கப்பட்டிருக்கிறது. மனைவி அதனைக் காதி நீதிமன்றத்தில் கோரலாம். பிக்ஹ் நூல்களில் இந்தப் பெயரில் ஒரு பாடம் கிடையாது. ஆகவே இது ஷரீஅத்தின் எந்த ஒப்பந்தத்தின் கீழ் வரும் என்பது கேள்வி.

மாணவரின் முதல் முடிவு எளிமையானது. தந்தை மகளுக்குச் செய்த ஹிபா. மணமகனின் கையில் அது அமானத். ஆகவே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஹஸ்ரத் கட்டுரையின் ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்: 'கப்ழ் செய்தது யார்?'

ஷாபிஈ மத்ஹபில் ஹிபா செய்த பொருள், பெறுபவர் அதனைக் கைப்பற்றிய பிறகே அவருக்குச் சொந்தமாகும். அந்தக் கைப்பற்றலே கப்ழ். கைக்கூலிப் பணம் மணமகளின் கைக்கு வரவில்லை. நேரே மணமகனின் கைக்குப் போயிற்று. அப்படியானால் அவளுக்கு அது எப்போது சொந்தமானது?

மாணவர் இரண்டு வாரம் கழித்துத் திருத்திய கட்டுரையைக் கொண்டு வந்தார். அதில் ஒரு முடிவுக்குப் பதிலாக மூன்று நிலைகள் இருந்தன. மணமகள் தன் சார்பில் பெற்றுக்கொள்ள மணமகனை வகீலாக்கியிருந்தால், அவர் கப்ழ் செய்தது அவள் கப்ழ் செய்தது போல. ஹிபா பூர்த்தி, பணம் அவர் கையில் அமானத். அவளுடைய சம்மதத்துடன் அவர் அதைக் கடனாக எடுத்து வியாபாரத்தில் போட்டால் அது கர்ழ். கடை எரிந்து போனாலும் அதே அளவு திருப்பிக் கொடுக்க வேண்டும். சம்மதமின்றிப் போட்டால் அமானத்தில் வரம்பு மீறியவராவார். அப்போதும் பொறுப்பு அவருடையதே. அவள் வகீலாக்கவே இல்லை என்றால் ஹிபா பூர்த்தியாகவில்லை. பணம் இன்னும் தந்தையுடையது. இந்தக் கடைசி நிலையில் மத்ஹபின் வழி நேரே போகும் முடிவும், நாட்டுச் சட்டம் மனைவிக்குத் தரும் உரிமையும் ஒன்றல்ல என்று மாணவர் தெளிவாக எழுதியிருந்தார். அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்று தனக்கு இன்னும் விளங்கவில்லை என்றும், ஊர் வழமையை மறைமுகமான வகாலத்தாகக் கொள்ள முடியுமா என்று தேட வேண்டும் என்றும் முடித்திருந்தார்.

"ஹஸ்ரத், முதுமாணியில அவர் ஆய்வு செய்யப் போறது எதப் பத்தி?"

"இதத்தான். வழமைய வச்சி வகாலத்த நிறுவ ஏலுமா எண்டு."

அதற்கு மேல் நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மாணவரின் ஆய்வு முன்மொழிவு எந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது என்பதற்கு நேர்ச் சாட்சி இந்த உஸ்தாத். அந்தச் சாட்சியம் கடிதத்தில் இருக்கவில்லை. அவ்வளவுதான் குறை.

திருத்திய கடிதத்தின் நடுப்பகுதியை, மாணவரின் அடையாளம் வெளிப்படும் இடங்களை விட்டு, இங்கே தருகிறேன். ஹஸ்ரத் சொல்லச் சொல்ல நான் எழுதியது.

"இவரை நான் ஏழு வருடங்களாக அறிவேன். அவற்றில் கடைசி நான்கு வருடங்கள் என்னிடம் நேரடியாக பிக்ஹும் உஸூலும் ஓதினார். பத்ஹுல் முயீனை முழுமையாகவும், மஹல்லியில் முஆமலாத், நிகாஹ் பகுதிகளையும், வரகாத்தை முழுமையாகவும், ஜம்உல் ஜவாமிஇல் கியாஸ் பாடம் வரையும் முடித்துள்ளார். 19 பேர் கொண்ட வகுப்பில் மூன்றாம் இடம் பெற்றார். மனனத்தில் அவரை முந்தியவர்கள் இருந்தனர். கடினமான இபாரத்தைப் பிரித்து, விதி எதன்மீது தங்கியுள்ளது என்று காட்டுவதில் அவ்வகுப்பில் அவரை முந்தியவர் எவரும் இல்லை என்பது என் கணிப்பு.

"கைக்கூலி பற்றிய அவருடைய கட்டுரையின் முதல் வடிவம் போதுமானதாக இருக்கவில்லை. கப்ழ் பற்றி நான் எழுப்பிய ஒரு கேள்விக்கு, இரண்டு வாரங்களில் தன் முடிவைத் தானே உடைத்து மூன்று நிலைகளாக வகுத்துக் கொண்டு வந்தார். விடை காணாத இடத்தை விடை கண்டதாக எழுதவில்லை. தங்களுக்கு அவர் சமர்ப்பித்துள்ள முன்மொழிவு அந்த விடை காணாத இடத்திலிருந்து தொடங்குகிறது.

"அரபி நூல்களை உதவியின்றி வாசிப்பார். ஷாபிஈ அல்லாத மத்ஹபுகளின் மூலநூல்களில் அவருக்கு என்னிடம் பயிற்சி கிடைக்கவில்லை. அதில் அவருக்கு ஆரம்பத்தில் வழிகாட்டல் தேவைப்படும். ஒழுக்கத்தில், நான் கண்டவரையில், அமானிதம் பேணுபவர்: கல்லூரி நூலகப் பொறுப்பு இரண்டு வருடம் அவரிடம் இருந்தது, ஒப்படைத்தபோது பதிவேட்டில் ஒரு கிதாபும் குறையவில்லை."

முடிவில் ஹஸ்ரத் வழக்கமான அந்த வாசகத்தைச் சேர்த்தார்: நாம் அவரை இப்படிக் கருதுகிறோம், கணக்குப் பார்ப்பவன் அல்லாஹ், அவனை மீறி எவரையும் தூய்மைப்படுத்தவில்லை என்ற பொருள் உடையது. ஒருவரைப் புகழத்தான் வேண்டும் என்றால் இப்படிச் சொல்லட்டும் என்று வரும், புஹாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸிலிருந்து பிறந்த வாசகம் அது. நான் முன்னர் அதை ஒரு சம்பிரதாய முடிவுரை என்றே நினைத்திருந்தேன். இந்தக் கடிதத்தின் கீழே பார்த்தபோதுதான் அதன் வேலை விளங்கியது. சாட்சி தான் கண்ட எல்லையைக் குறிக்கும் கோடு அது. 'என் கணிப்பு', 'நான் கண்டவரையில்', 'என்னிடம் பயிற்சி கிடைக்கவில்லை' என்று மேலே வந்தவை எல்லாம் அதே கோட்டின் பகுதிகள். மேலே எல்லையற்ற புகழ்ச்சியைக் கொட்டிவிட்டு, கீழே இந்த வாசகத்தை ஒட்டினால் அது வெறும் ஒட்டாகத்தான் நிற்கும்.

மற்ற மத்ஹபுகள் பற்றிய வசனத்தை எடுத்துவிடலாமா என்று மாணவர் பிறகு கேட்டனுப்பியதாக அறிந்தேன். ஹஸ்ரத் எடுக்கவில்லை. அது இருப்பதில் ஒரு பயன் இருக்கிறது. ஒரு குறையைக்கூடச் சொல்லாத சாட்சியின் மற்றச் சொற்களுக்கு எடை குறைவு. அதோடு இந்தக் குறை மாணவருடையதல்ல. ஒரே மத்ஹபை ஆழமாக ஓதும் நம் பாடத்திட்டத்தின் இயல்பு. ஒப்பீட்டு பிக்ஹ் படிக்க வெளியே போவதற்கான காரணமே அதுதான். சொல்லக் கூடாத குறை வேறு. நோய், குடும்பப் பிரச்சினை, பழைய தவ்பா செய்த தவறு போன்றவை படிப்புடன் தொடர்பில்லாதவரை கடிதத்துக்குள் வர வேண்டியவை அல்ல.

இனி, கடிதம் கெட்டுப் போகும் இரண்டு வழிகளைச் சொல்ல வேண்டும். இரண்டும் நம்மிடையே சாதாரணமாக நடப்பவை.

முதலாவது, மாணவனே எழுதிக்கொண்டு வர உஸ்தாத் கையெழுத்திடுவது. "நீங்களே அடிச்சிட்டு வாங்க மகன், நான் சைன் வச்சித் தாறன்" என்பது அன்பில் சொல்லப்படுகிறது. நேரமும் மிச்சம். ஆனால் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் இரண்டு பேரிடம் கடிதம் கேட்கின்றன. இரண்டையும் ஒரே கை எழுதினால் அது தெரியும். ஒரே வசன அமைப்பு, ஒரே பிழை, ஒரே வரிசையில் அதே குணங்கள். அதற்கும் மேலாக, ஒருவன் தனக்குத் தானே சொல்லிக் கொள்ளும் சாட்சியத்தின் கீழ் இன்னொருவர் பெயரைப் போடுவது என்ன என்று பிக்ஹ் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாணவன் செய்ய வேண்டியது வேறு. தான் ஓதிய கிதாபுகள், வருடங்கள், கட்டுரைத் தலைப்பு, முன்மொழிவின் பிரதி, முடிவுத் திகதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, மூன்று நான்கு வாரம் முன்பே உஸ்தாதிடம் கொடுப்பது. ஞாபகமூட்டுவது மாணவனின் வேலை. சாட்சி சொல்வது உஸ்தாதின் வேலை. கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரின் எழுத்துக்களையும் அந்தத் தாளில் எழுத வேண்டும். சான்றிதழில் ஒரு விதமாகவும் கடிதத்தில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால், இது யாருக்குரிய கடிதம் என்ற சந்தேகம் எழும்.

இரண்டாவது, தவறான ஆளிடம் கடிதம் வாங்குவது. பாராளுமன்ற உறுப்பினர், பள்ளிவாசல் தலைவர், பெரிய வர்த்தகர் ஆகியோரின் தலைப்புக் கடதாசியும் முத்திரையும் ஊரில் கனமானவை. ஆனால் அவர்கள் அவனுடன் ஒரு கிதாபும் திறந்ததில்லை. நவவி இமாம் சொன்ன உள்நிலை அறிதல் அவர்களிடம் இல்லை. பெயர் சிறியதாக இருந்தாலும் பாடம் சொல்லிக் கொடுத்தவரின் கடிதத்துக்குத்தான் ஆய்வுப் படிப்பில் எடை.

கடிதம் போகும் வழியும் இதோடு சேர்ந்ததே. சில இடங்களில் உஸ்தாதின் மின்னஞ்சலுக்கே படிவம் நேராக வரும். சில இடங்களில் மூடி முத்திரையிட்ட உறையில் கேட்பார்கள். இரண்டிலும் நோக்கம் ஒன்று: சாட்சி சொல்லப்படுபவர் இடையில் கைவைக்காமல் இருக்க வேண்டும். மின்னஞ்சல் பாவிக்காத ஹஸ்ரத்மாருக்கு மாணவனே ஒரு முகவரி திறந்து, அதை அவனே கையாள்வதும் நடக்கிறது. அது பார்வைக்கு உதவி; உண்மையில் உறையைத் தானே திறந்து தானே மூடுவது. கல்லூரியின் பொது மின்னஞ்சல் முகவரியை அதிபரின் பொறுப்பில் பாவிப்பது இதற்குச் சரியான வழி.

இந்தக் கடிதம் அனுப்பப்பட்டு ஒரு மாதம் கழித்து ஹஸ்ரத்தை மீண்டும் சந்தித்தேன். வேறொரு மாணவனும் வந்து கேட்டிருக்கிறான். நிர்வாக சபையில் உள்ள ஒருவரின் மகன். அவன் அதே துறைக்கு விண்ணப்பிக்கிறான். ஆனால் ஹஸ்ரத்திடம் அவன் ஓதியது முதல் இரண்டு வருட நஹ்வு, ஸர்பு மட்டும். பிக்ஹை வேறு இடத்தில் முடித்தவன். வாப்பா நிர்வாகத்தில் இருப்பதால் மறுப்பது சிரமம். எழுதினால் அறியாததைச் சாட்சி சொன்னதாகும்.

"என்ன செஞ்சீங்க ஹஸ்ரத்?"

"எழுதிக் குடுத்தன். நஹ்வும் ஸர்பும் எந்தக் கிதாப், எவ்வளவு ஓதினான், எப்பிடி ஓதினான் எண்டு. அரபு மொழி நல்லா வரும் அவனுக்கு, அது உண்மை. கீழ ஒரு வசனம் போட்டன், பிக்ஹ் என்னிடம் ஓதல்ல, அது பத்தி அவர்ட மற்ற உஸ்தாதிடம் கேளுங்க எண்டு. அவன்ட வாப்பாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். ஆனா நான் பொய் சொல்லல்ல, இல்லையெண்டும் சொல்லல்ல."

முதல் மாணவரின் விண்ணப்பத்துக்கு அன்றுவரை பதில் வந்திருக்கவில்லை. அந்தப் பதில் கடிதத்தால் மட்டும் தீர்மானிக்கப்படுவதும் இல்லை. இடங்களின் எண்ணிக்கை, மேற்பார்வையாளர் கிடைப்பது, கட்டணம் எல்லாம் அதில் சேரும். ஹஸ்ரத் தம் முதற் கடிதத்தின் பிரதியைக் கிழிக்காமல், திருத்திய கடிதத்துடன் சேர்த்துக் கோவையில் வைத்திருக்கிறார். அடுத்த வருடம் யாராவது கேட்டு வந்தால், எழுதத் தொடங்குமுன் இரண்டையும் ஒருமுறை வாசிப்பாராம்.